ரென்ஃபர்ட் பினாக் நிரப்பிய சேர்க்கைப் படிவம்

ஏப்ரல் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்காகக் கடையைப் பாதி சாத்தி வைத்திருந்தபோது ரென்ஃபர்ட் பினாக் வந்து வாசலில் நின்றார். கையில் பழுப்பு உறை ஒன்று இருந்தது. அதை மடிக்காமல், கசங்காமல், ஒரு தட்டைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"மிஸ் ஹில்டன், சாப்பிட்டுட்டு இருக்கீங்களா? நான் அப்புறமா வர்றேன்."

"சாப்பிட்டாச்சு. உள்ள வாங்க, மாஸ் ரென்."

ஆணி, பெயின்ட், குழாய்ச் சாமான் விற்கிற கடை என்னுடையது. ஆனால் வருகிறவர்களில் பாதிப்பேர் ஆணிக்காக வருவதில்லை, முத்திரைக்காக வருகிறார்கள். அரசாங்கம் என்னை ஜே.பி.யாக, அதாவது ஊர்ச் சமாதான நீதிபதியாக, நியமித்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. கையெழுத்துப் போட்டவர் இன்னார்தான் என்று சாட்சி சொல்வது, புகைப்படத்தில் இருக்கும் முகம் இன்னாருடையதுதான் என்று பின்னால் எழுதிக் கொடுப்பது, இதுதான் வேலை. கூலி வாங்கக் கூடாது. சிலர் ஒரு சீப்பு வாழைக்காயை மேஜைக்கடியில் வைத்துவிட்டு எதுவும் சொல்லாமல் போவார்கள்.

வயதில் பெரிய ஆண்களை எங்கள் ஊரில் மாஸ் என்று மரியாதையாக அழைப்போம். மாஸ் ரென்னுக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. மலைமேல் இருக்கிற தண்ணீர் பம்ப் அறையில் வேலை. காலையில் வால்வைத் திறப்பார், சாயங்காலம் மூடுவார், நடுவில் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுவார். எங்கள் ஊர்க்காரர் இல்லை. வடக்கே போர்ட்லண்ட் பக்கத்திலிருந்து இளவயதில் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அவரைத் தேடி அங்கிருந்து யாரும் வந்து நான் பார்த்ததில்லை. வார்த்தைகளைச் செலவழிக்காத ஆள். பதினேழு வருடம் மெர்லீன் கேம்பெலோடு அந்த மலைவீட்டில் குடித்தனம் நடத்தினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இந்த வருடம் வேண்டாம் அடுத்த வருடம் என்றே தள்ளிப் போயிற்று.

மெர்லீனுக்கு முன்னமே ஒரு மகள் உண்டு, கெரிஷா. கெரிஷா ஒரு பெண் குழந்தையைப் பெற்று, அதற்கு ஒன்றரை வயதிருக்கும்போது மெர்லீனிடம் விட்டுவிட்டு, எங்கள் தீவின் மேற்கு முனையில் நெக்ரிலில் ஹோட்டல் வேலைக்குப் போனாள். முதலில் மாதம் ஒருமுறை வந்தாள். அப்புறம் வருடம் ஒருமுறை. போன நவம்பரில் மெர்லீன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது முற்றத்திலேயே விழுந்து இறந்தாள். ரத்த அழுத்தம். கெரிஷா அடக்கத்துக்கு வரவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் குழந்தையை யாராவது வந்து கூட்டிப் போவார்கள் என்று ஊரே நினைத்தது. யாரும் வரவில்லை. குழந்தை மாஸ் ரென்னோடு இருந்தது, அவ்வளவுதான். அது சரியா தவறா என்று யாரும் பேசவில்லை.

இப்போது அந்தக் குழந்தைக்கு ஆறு வயது ஆகப்போகிறது. செப்டம்பரில் ஒன்றாம் வகுப்பு.

உறையிலிருந்து படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். நான்கு பக்கம். எல்லாவற்றையும் முதலில் பென்சிலில் எழுதியிருந்தார். எழுத்து சிறிதாக, நேராக, மீட்டர் நோட்டில் எழுதுகிறவரின் எழுத்தாக இருந்தது. குழந்தையின் பெயர், பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி: அடேஷா ரோஸ்மேரி கேம்பெல். பிறந்த தேதி, முகவரி, படிக்கும் மழலையர் பள்ளி. தாயின் பெயர். தந்தையின் இடத்தில் ஒரு கோடு, ஏனென்றால் சான்றிதழிலும் அந்த இடம் காலி. பாதுகாவலர்: ரென்ஃபர்ட் பினாக். அதற்கடுத்த வரியில், மாணவருக்கும் பாதுகாவலருக்கும் உள்ள உறவு என்ற இடத்தில், தாள் கொஞ்சம் தேய்ந்து போயிருந்தது.

"இங்க எதையோ எழுதி அழிச்சிருக்கீங்க."

"தாத்தான்னு எழுதினேன். டாக்ஸி ஓட்டுற பயல்தான் சொன்னான், அப்படியே போட்டு விடு, எவன் வந்து கேக்கப் போறான்னு. அப்புறம் கடைசிப் பக்கத்தைப் படிச்சேன்."

கடைசிப் பக்கத்தில் உறுதிமொழி இருந்தது. மேலே கண்ட விவரங்கள் யாவும் உண்மை, பொய் என்று தெரிந்தால் சேர்க்கை ரத்தாகும், சம்மதிக்கிறேன். கீழே கையெழுத்துக்கும் தேதிக்கும் இரண்டு கோடுகள்.

"நீங்க சொல்லுங்க, மிஸ் ஹில்டன். நான் அவளுக்கு என்ன வேணும்?"

நான் யோசித்தேன். சித்தப்பா இல்லை, மாற்றாந்தந்தை இல்லை, தாத்தாவும் இல்லை. "குடும்ப நண்பர்னு எழுதலாம்," என்றேன். "நிறையப் பேர் அப்படித்தான் எழுதுவாங்க."

அவர் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நண்பர்னா வந்துட்டுப் போறவன் இல்லையா?"

கடைசியில், பாதுகாவலர் என்ற சொல்லையே உறவு வரியிலும் இன்னொரு தரம் எழுதச் சொன்னேன். எழுதினார், பேனாவால். ஆனால் அதோடு விஷயம் முடியவில்லை. உடன் இணைக்க வேண்டியவற்றின் பட்டியலைப் படித்துக் காட்டினேன். அசல் பிறப்புச் சான்றிதழ், நகல். தடுப்பூசி அட்டை, நகல். ஜே.பி. சான்றளித்த இரண்டு புகைப்படம். முகவரிக்கு மின்சார பில். பாதுகாவலரின் அடையாள அட்டை, வரி எண். கடைசியாக, பாதுகாவலர் பெற்றோர் அல்லாதவராக இருந்தால், குழந்தை அவர் பொறுப்பில் இருக்கச் சம்மதம் என்று பெற்றோர் ஜே.பி. முன்னால் கையெழுத்திட்ட கடிதம்.

"அது வேணுமா?"

"வேணும், மாஸ் ரென். அது இல்லாம பள்ளிக்கூடத்துல மிஸ் பிரிஸட் கோப்பை வாங்க மாட்டா. நானும் அதைத் தாண்டி முத்திரை போட முடியாது."

"சரி," என்றார். "கெரிஷா நம்பர் எங்கிட்ட இருக்கு. ஆனா மணி அடிக்கிறதில்ல."

*

அடுத்த மூன்று வாரமும் அவர் ஒவ்வொரு காகிதமாகச் சேர்த்தார். மதியம் இரண்டு மணி நேரம் பம்பை விட்டு இறங்க முடியும். அந்த நேரத்துக்குள்தான் எல்லாம்.

தடுப்பூசி அட்டையை மெர்லீன் பைபிளுக்குள் வைத்திருந்தாள். சுகாதார நிலையத்தில் நர்ஸ் பார்த்துவிட்டு, ஐந்து வயதுக்கு மேல் போட வேண்டிய ஊசி பாக்கி, அது இல்லாமல் எந்தப் பள்ளியும் சேர்க்காது என்று சொல்லி உட்கார வைத்தாள். உட்கார்ந்தார்கள். நர்ஸ் வெளியே வந்து "அடேஷா கேம்பெல்" என்று கூப்பிட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது தரமும் கூப்பிட்டாள். மூன்றாவது தரம் கூப்பிட்டபோதுதான் மாஸ் ரென்னுக்கே உறைத்தது. பிறந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளையை ஊரில், மழலையர் பள்ளியில்கூட, எல்லோரும் பூட்டஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவளுக்கு இப்படி ஒரு பெயர் இருப்பதே தெரியாது.

"உன்னைத்தான் கூப்பிடுறாங்க," என்றாராம்.

"நான் இல்ல, ரென்னி. அது வேற யாரோ."

அவரை அவள் ரென்னி என்றுதான் அழைப்பாள். மெர்லீன் அப்படி அழைத்ததைக் கேட்டுப் பழகிய வாய். அன்றிலிருந்து தினமும் மலையேறும்போது அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பழக்கினார். சொன்னால் கையைத் தூக்க வேண்டும், அது விளையாட்டு. பத்து தடவைக்கு இரண்டு தடவை தூக்கினாள்.

புகைப்படம் பக்கத்து டவுன் மோரண்ட் பேயில் எடுத்தது. இரண்டு பிரதியையும் என் மேஜையில் வைத்தார். பிள்ளையின் தலையில் வகிடு கோணலாகப் போய், ஒரு பின்னல் மற்றதைவிடத் தடியாக இருந்தது.

"யார் பின்னிவிட்டது?"

"நான்தான். மெர்லீன் பின்னுறதைப் பார்த்திருக்கேன், ஆனா பார்க்கிறது வேற." அவர் படத்தை என் பக்கம் தள்ளினார். "இது பரவாயில்லையா? மறுபடி எடுக்கணுமா?"

"பிரமாதமா இருக்கு." பின்னால் எழுதினேன்: இது அடேஷா ரோஸ்மேரி கேம்பெலின் உண்மையான சாயல் எனச் சான்றளிக்கிறேன். கையெழுத்து, முத்திரை.

அவசரத்துக்குத் தொடர்பு கொள்ள வேண்டியவர் என்று ஒரு கட்டம் இருந்தது. ஒரே வீட்டில் இல்லாத, வேறொரு பெரியவர். பெயர், தொலைபேசி எண். அது மட்டும் பென்சிலில்கூட எழுதப்படாமல் கிடந்தது. அவர் அதைத் தாண்டிப் பேசினார், அந்தப் பக்கத்தைத் திருப்பினார், மறுபடி அங்கேயே வந்தார்.

"என் பேரைப் போடுங்க," என்றேன்.

"கேக்கணும்னுதான் நினைச்சிருந்தேன். எப்படிக் கேக்கிறதுன்னு தெரியல."

இத்தனை வருடத்தில் அந்த மனிதர் யாரிடமும் ஒரு உதவியும் கேட்டதாக நான் அறியேன். என் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன், ஒவ்வொன்றையும் எழுதி என்னிடம் திரும்பப் படித்துக் காட்டினார்.

அதே பக்கத்தின் அடியில், பள்ளி அறிந்திருக்க வேண்டிய வேறு விவரம் ஏதேனும் உண்டா என்று கேட்டு மூன்று வரி இடம் விட்டிருந்தது. எல்லோரும் 'இல்லை' என்று எழுதுகிற இடம். அவர் மூன்று வரியையும் நிரப்பி, ஓரத்தில் எழுதி, தாளைத் திருப்பிப் பின்னாலும் எழுதியிருந்தார். அதை நான் அன்றைக்குப் படிக்கவில்லை. அடுத்த ஆள் காத்திருந்தார்.

பெற்றோர் கடிதம் மட்டும் பாக்கி. கெரிஷாவைக் கண்டுபிடித்தது நான்தான். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். என் கடையில் வேலை பார்க்கும் ஷெர்னெட்டிடம் பெயரைச் சொன்னேன். அவள் கைப்பேசியில் பத்து நிமிடம் தேடி, "இவளா பாருங்க" என்று நீட்டினாள். ஹோட்டல் சீருடையில் கெரிஷா. இடுப்பில் ஒரு கைக்குழந்தை. செய்தி அனுப்பினேன்: உன் மகளின் பள்ளிச் சேர்க்கைக்கு உன் கையெழுத்து வேண்டும், அங்கேயே ஒரு ஜே.பி. முன்னால் கையெழுத்திட்டு அனுப்பினால் போதும்.

மறுநாள் பதில் வந்தது. அனுப்ப மாட்டாளாம். நேரில் வருகிறாளாம்.

*

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு வெள்ளைக் கார் கடை முன்னால் நின்றது. கெரிஷா இறங்கினாள். கூட அவள் புருஷன் என்று சொல்லத்தக்கவன், ஹோட்டல் வேன் ஓட்டுகிறவன், டெலானோ என்று பெயர். நல்ல மரியாதையான பையன். கைக்குழந்தையை அவன்தான் வைத்திருந்தான்.

மாஸ் ரென் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார், இஸ்திரி போட்ட சட்டையில். பூட்டஸ் அவர் முழங்காலுக்கு நடுவில் நின்றாள். கெரிஷா உள்ளே வந்ததும் பிள்ளையைப் பார்த்தாள், அப்புறம் அவரைப் பார்த்தாள், அப்புறம் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

"அம்மா அடக்கத்துக்கு நான் வரல," என்றாள். "இவன் அந்த வாரம்தான் பொறந்தான். அப்புறம் ஒவ்வொரு மாசமும் வரணும்னு நினைப்பேன். நாளாக நாளாக எந்த முகத்தை வச்சுக்கிட்டு வர்றதுன்னு ஆயிடுச்சு."

"நீ வந்துட்டல்ல," என்றார் மாஸ் ரென்.

கடிதத்தைத் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். அவள் முன்னால் வைத்து, "படிச்சுப் பார்த்துட்டு எனக்கு முன்னாடி கையெழுத்துப் போடணும்," என்றேன். அவள் படித்தாள். பேனாவை எடுத்தாள். வைத்துவிட்டாள்.

"மத்த காகிதத்தைப் பார்க்கலாமா?"

மாஸ் ரென் உறையை அவள் பக்கம் தள்ளினார். அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள். சான்றிதழ், அட்டை, படங்கள். கோணல் வகிட்டைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அப்புறம் படிவத்தைப் பிரித்தாள். மூன்று வரி இடத்துக்கு வந்ததும் அவள் விரல் நின்றுவிட்டது. வாய்க்குள் மெல்லப் படித்தாள். அப்போதுதான் என் காதிலும் விழுந்தது.

இவளைப் பூட்டஸ் என்று கூப்பிடவும், சொந்தப் பெயருக்கு இன்னும் பழகவில்லை. சளி பிடித்தால் இடது காது சரியாகக் கேட்காது, வலது பக்கம் நின்று பேசவும். இடிக்குப் பயப்படுவாள், ஆனால் சொல்ல மாட்டாள், கையை வாயில் வைத்துக்கொள்வாள். பயறு சாப்பிடுவாள், பூசணி சாப்பிட மாட்டாள். இவளுடைய பாட்டி நவம்பரில் இறந்துவிட்டார். பாட்டி எங்கே என்று கேட்டால் இவள் கதை சொல்வாள், தயவுசெய்து குறுக்கிட வேண்டாம். மதியம் ஒன்றரைக்குள் வந்து அழைத்துப் போவேன், தாமதமானால் வாசல் மரத்தடியில் இருப்பாள், அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

படித்து முடித்து கெரிஷா அந்தப் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டாள். டெலானோ குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டான்.

"எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது," என்றாள் அவள். "காது விஷயம்கூடத் தெரியாது."

"போன வருஷம்தான் கவனிச்சோம்," என்றார் அவர், அவளைத் தேற்றுவதுபோல.

"ரென்னி, நான் இவளைக் கூட்டிட்டுப் போறேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அங்கயும் பள்ளிக்கூடத்துல இப்பத்தான் பேர் பதியுறாங்க. இப்ப வீடு இருக்கு. இவரும் சரின்னு சொல்லியிருக்கார். எங்கிட்ட காகிதம் ஒண்ணும் இல்லாமத்தான் இருந்தது. எல்லாம் இங்க இருக்கு."

எல்லாம் அங்கே இருந்தது. மூன்று வாரமாக, மதியம் இரண்டு மணி நேரம் இரண்டு மணி நேரமாக அவர் சேர்த்தது.

பெற்ற தாய் கேட்கிறாள். சட்டம் என்று பார்த்தால் அவருக்கு நிற்க ஒரு அடி இடம் இல்லை என்பதைப் படிவத்தின் உறவு வரியில் நான்தான் அவரை எழுத வைத்திருந்தேன். மாஸ் ரென்னைப் பார்த்தேன். அவர் பிள்ளையின் பின்னலைச் சரி செய்துகொண்டிருந்தார்.

"என்னைக்கு?" என்றார்.

"வகுப்பு முடியட்டும். ஜூலையில வர்றேன்."

"ஜூலை நல்லது. மழை இருக்காது." அப்புறம், "காகிதத்தை இப்பவே எடுத்துட்டுப் போ. பேர் பதிய லேட்டாயிட்டா இடம் கிடைக்காது."

அவள் சான்றிதழையும் அட்டையையும் படங்களையும் எடுத்துக்கொண்டாள். வேறொரு பள்ளிக்கு எழுதிய படிவம், அவளுக்கு அது தேவையில்லை. ஆனாலும் பூட்டஸைப் பற்றி அவர் எழுதிய அந்தப் பக்கத்தை மட்டும் தனக்குக் கொடுப்பாரா என்று கேட்டாள். அவர் யோசிக்காமல் கொடுத்தார்.

பூட்டஸுக்கு அன்றைக்குப் புரிந்ததெல்லாம் தனக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்பதுதான். அவன் கால் விரலை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

*

ஜூலையில் கெரிஷா சொன்னபடி வந்தாள். நான் மலைக்குப் போகவில்லை. கார் கடையைத் தாண்டிப் போனபோது பிள்ளை பின்சீட்டில் மண்டியிட்டுப் பின்கண்ணாடி வழியாக எல்லோருக்கும் கையாட்டினாள். சந்தோஷமாக இருந்தாள். ஷெர்னெட் அழுதாள். நான் ஒரு வாடிக்கையாளருக்குக் கம்பி அளந்துகொண்டிருந்தேன், இரண்டு முறை தப்பாக அளந்தேன்.

செப்டம்பர் முதல் வாரம் எனக்கு ஒரு அழைப்பு வந்தது. பள்ளியிலிருந்து மிஸ் பிரிஸட்.

"அடேஷா கேம்பெல்னு ஒரு பிள்ளை வரவே இல்ல. பாதுகாவலர் போனை எடுக்கல. அவசரத் தொடர்புன்னு உங்க பேர் இருக்கு."

"அந்தப் படிவம் உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"படிவம் இல்ல, ஏப்ரல்லயே முன்பதிவுச் சீட்டு கொடுத்துட்டுப் போனார், அதுல உங்க நம்பர் இருக்கு. காகிதம் அப்புறம் தர்றேன்னார். இடம் பிடிச்சு வச்சிருக்கேன். காத்திருக்கிற பட்டியல்ல பதினொரு பேர் இருக்காங்க, மிஸ் ஹில்டன்."

அவருக்குச் சொல்லியனுப்பினேன். மறுநாள் மதியம் இறங்கி வந்தார். பள்ளிக்குப் போய், சேர்க்கையை விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். கூட வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அப்புறம் என்ன நினைத்தாரோ, "வாங்க" என்றார்.

அலுவலகத்தில் மிஸ் பிரிஸட் தாள் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில், 'பிள்ளை தாயிடம் போய்விட்டாள்' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். இடைவேளை மணி அடித்து, முற்றம் முழுக்க நீலச் சீருடைப் பிள்ளைகள் கொட்டினார்கள். வாசலில் ஒரு மரம், அடியில் சிமெண்ட் மேடை. மாஸ் ரென் அதைப் பார்க்காமல் கடந்தார். நானும் பார்க்காத மாதிரிதான் நடந்தேன்.

நடந்துகொண்டே சொன்னேன், "அன்னைக்கு நான் தாத்தான்னு எழுத விட்டிருக்கலாம்."

"நீங்க எழுத விட்டிருந்தாலும் நான் அழிச்சிருப்பேன்," என்றார் அவர். அதை எனக்காகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மனசில் ஒரு பக்கம் இதைப் போட்டுப் புரட்டிக்கொண்டேதான் இருக்கிறேன். முத்திரையை எடுக்கும்போதெல்லாம் வருகிறது. பிள்ளைக்குத் தாய் கிடைத்தாள், அது நல்லதுதான். யாரிடம் கேட்டாலும் நல்லது என்றுதான் சொல்வார்கள்.

முதலில் ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் வந்தது. பூட்டஸ் பள்ளியில் என்ன சாப்பிட்டாள், யார் அவள் பென்சிலை எடுத்தார்கள் என்று எல்லாம் சொல்வாளாம். அக்டோபரில் இரண்டு ஞாயிறு விட்டுப் போயிற்று. நவம்பரில் ஒரு தடவை. அவர் தாமாகக் கூப்பிடுவதில்லை, பிள்ளை விளையாடுகிற நேரமாக இருந்தால் தொந்தரவு என்று.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஒருநாள் வேறு ஆளைப் பம்புக்கு ஏற்பாடு செய்துவிட்டு நெக்ரிலுக்குப் போனார். தீவை இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கடக்க வேண்டும், மூன்று வண்டி மாறி. விடியுமுன் போனவர் அன்றைக்கே திரும்பிவிட்டார். மறுநாள் குழாய்க்கு வாஷர் வாங்க வந்தபோது கேட்டேன்.

"எப்படி இருக்கா?"

"வளந்துட்டா. முன்பல்லு ரெண்டு விழுந்துடுச்சு." வாஷர்களை உள்ளங்கையில் போட்டு அளவு பார்த்தார். "டீச்சர் பேரைக் கூப்பிட்டா கையைத் தூக்குறாளாம். கெரிஷா சொன்னா."

"ஒரு ராத்திரி தங்கியிருக்கலாமே. அவ்வளவு தூரம் போயிட்டு."

"இருங்கன்னுதான் சொன்னாங்க. நல்ல பிள்ளைங்க." அவர் நான்கு வாஷரைத் தேர்ந்து ஓரமாக வைத்தார். "அங்க கட்டில் ரெண்டுதான் இருக்கு, மிஸ் ஹில்டன்."

நான் வாஷரைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். அவர் தொப்பியைத் தொட்டுவிட்டுக் கிளம்பினார். மலைப்பாதை கடையிலிருந்து நன்றாகத் தெரியும். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வழியில் யாரும் இல்லை, அவர் மட்டும் நிதானமாக ஏறிக்கொண்டிருந்தார்.